கிளைம் ஃபைலில் முதலில் பார்க்க வேண்டியது தேதி

கோவையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் உச்ச நன்னம்பிக்கை, காப்பீட்டு நலன், இழப்பீடு என்ற மூன்று கொள்கைகளையும் தேர்வுக்குப் படித்துவிட்டு வருவார்கள். கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். ஆனால் ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தால், இதில் எந்தக் கொள்கை வருகிறது என்று திணறிவிடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்லித் தரும் வழி, தேதியைப் பார்ப்பது. நன்னம்பிக்கை, அதாவது தெரிந்ததை மறைக்காமல் சொல்வது, பாலிசி கேட்டு நிரப்பும் ப்ரபோசல் பாரத்தில் கையெழுத்துப் போட்ட நாளைப் பார்க்கிறது. காப்பீட்டு நலன், அதாவது பொருள் அழிந்தால் தனக்கு நஷ்டம் என்ற தொடர்பு, சொத்தைப் பொறுத்தவரை சேதம் நடந்த நாளில் இருந்தாக வேண்டும். இழப்பீடு, சேதத்துக்கு முந்தைய நிமிடம் அந்தப் பொருள் என்ன விலை பெறும் என்று கேட்கிறது. தேதியைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருத்துவக் காப்பீட்டில் அடிக்கடி வரும் ஒரு கிளைமை எடுத்துக்கொள்வோம். பாலிசி எடுத்து இரண்டாவது வருடம் ஒருவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நான்கு வருடமாக ரத்த அழுத்தம்' என்று ஒரு வரி இருக்கிறது. ப்ரபோசல் பாரத்தில் அதே கேள்விக்கு 'இல்லை' என்று டிக். நோயைப் பற்றித் தெரிந்தவர் வாங்குபவர் மட்டும்தான், கம்பெனி அவர் சொல்லை நம்பித்தான் பிரீமியம் போடுகிறது. 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு, சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை தொடர்பான கார்ட்டர் எதிர் போம் வழக்கில் எழுதிய தீர்ப்பின் அடிப்படை இதுதான். நம் உச்ச நீதிமன்றமும் 2009-இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில், சிறுநீரக நோயை மறைத்து எடுத்த மெடிக்ளைம் பாலிசியில் கிளைமை மறுத்தது சரி என்று சொன்னது.

அதற்காக டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு வரியை வைத்துக்கொண்டு மறுப்புக் கடிதம் அடிக்கக் கூடாது. அந்த 'நான்கு வருடம்' எங்கிருந்து வந்தது? நள்ளிரவில் கேஷுவால்டியில் பதறிக்கொண்டு நின்ற மகன் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கலாம். பாலிசிக்கு முந்தைய தேதியிட்ட மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், பழைய ஓ.பி. சீட்டு ஏதாவது கிடைத்தால்தான் ப்ரபோசல் தேதியன்று அவருக்கு அது தெரியும் என்று நிரூபணம் ஆகும். பாலிசி எடுத்த பிறகு சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அது மறைத்தது ஆகாது; தெரியாததை யாரும் சொல்ல முடியாது. அப்புறம், பாரத்தை நிரப்பியது பெரும்பாலும் ஏஜென்ட். 'சும்மா கையெழுத்துப் போடுங்க' என்று அவர் சொல்லியிருப்பார். இருந்தாலும் கையெழுத்து வாடிக்கையாளருடையது. அதனால்தான் நிரப்பிய பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கேள்விக்குக் காலக்கெடுவும் உண்டு. 2024 ஏப்ரல் முதல், மருத்துவ பாலிசி 60 மாதம் தொடர்ந்து இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் சட்டம் இன்னும் தாராளம்: 2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது.

சரி, மற்ற இரண்டு கொள்கைகளுக்கு வருவோம். இவை இரண்டும் ஒரே ஃபைலில் மோதிக்கொண்ட ஒரு தீ விபத்து இருக்கிறது. ஆளையும் தொகையையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

திருப்பூர் பக்கம் ஒரு சின்ன பனியன் கம்பெனி. முதலாளி சொந்தமாகவும் தைத்து விற்பார், எக்ஸ்போர்ட்டருக்கு ஜாப் ஒர்க்கும் செய்து கொடுப்பார். இரவில் மின்கசிவில் தீப்பிடித்து ஹாலில் ஒரு பக்கம் எரிந்துவிட்டது. சிறு நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி அவரிடம் இருந்தது. அதில் ஸ்டாக்குக்கு 20 லட்சம். அவர் 17 லட்சம் கேட்டார். சொந்தச் சரக்கு 12 லட்சம், எக்ஸ்போர்ட்டரின் துணி 5 லட்சம்.

"பாலிசி 20 லட்சத்துக்குப் போட்டிருக்குதுங்க. நான் கேக்கறது 17 தானுங்க. அதுலயும் குறைக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார். நியாயமான கேள்வி. எரிந்துபோன ஹாலில் நின்றுகொண்டு கேட்கிறவருக்குப் பதில் சொல்வது சுலபமில்லை.

முதலில் அந்த 5 லட்சம். எரிந்த துணி யாருடையது என்பதை டெலிவரி சலான் காட்டிவிடும். அது எக்ஸ்போர்ட்டருடையது. அப்படியென்றால் ஜாப் ஒர்க்காரருக்கு அதில் காப்பீட்டு நலனே இல்லை என்று புதிய பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அது சரியில்லை. துணி அவர் பொறுப்பில் இருந்தது; அதைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமை அவருக்கு இருந்தது; எரிந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பே காப்பீட்டு நலனுக்குப் போதும். ஆனால் நலன் இருப்பது ஒன்று, பாலிசி அதைக் காப்பது இன்னொன்று. ஸ்டாக் என்று எழுதிய இடத்தில் 'பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு உட்பட' என்ற வாசகம் இருந்திருக்க வேண்டும். இவர் பாலிசியில் இல்லை. ஆகவே 5 லட்சம் கழிந்தது. எக்ஸ்போர்ட்டர் தன் பாலிசியில் ஜாப் ஒர்க் இடங்களைச் சேர்த்திருந்தால் அவர் அங்கே கேட்கலாம். ஆனால் அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அஜாக்கிரதை இருந்தால், இவரிடம் வசூலிக்க வரக்கூடும். திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் பலரும் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்து சொந்தச் சரக்கு 12 லட்சம். இது விற்பனை விலையில் போட்ட கணக்கு. இழப்பீடு என்றால் தீக்கு முன் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையில் நிறுத்துவது. இன்னும் விற்காத பனியனில் லாபம் இன்னும் வரவில்லை. அவருடைய கணக்குப்படி மொத்த லாபம் விற்பனையில் ஆறில் ஒரு பங்கு. 12 லட்சத்தில் 2 லட்சம் போக அடக்க விலை 10 லட்சம். நனைந்தும் புகை பிடித்தும் கிடந்த துணியை வேஸ்ட் வியாபாரிகளிடம் விலை கேட்டதில் 1 லட்சம் தேறியது. அந்தச் சால்வேஜ் போக நிகர நஷ்டம் 9 லட்சம்.

இனிதான் அவரை மிகவும் பாதித்த கட்டம். தீப்பிடித்த அன்று ஹாலில் மொத்தம் எவ்வளவு சொந்தச் சரக்கு இருந்தது? எரியாததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் டேலி கணக்கை எடுத்தார். வருடத் தொடக்கத்தில் ஸ்டாக் 22 லட்சம். அதன்பின் தீ நாள் வரை கொள்முதலும் தையல் கூலியும் 88 லட்சம். அதே காலத்தில் விற்பனை 96 லட்சம். அதில் ஆறில் ஒன்றைக் கழித்தால் விற்றதன் அடக்கம் 80 லட்சம். 22-உடன் 88-ஐக் கூட்டி 80-ஐக் கழித்தால் 30 லட்சம். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டோடும் ஒப்பிட்டார். இந்த இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். கடன் வரம்புக்காக வங்கியிடம் கூட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு, அந்தக் காகிதமே கிளைம் நேரத்தில் அவர்களுக்கு எதிராகத் திரும்பும். இவருடையது கிட்டத்தட்ட ஒத்துப்போனது. நேர்மையான மனிதர்.

30 லட்சம் பெறும் சரக்குக்கு 20 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டியிருக்கிறார். மீதி 10 லட்சத்துக்கு அவரே காப்பீட்டாளர் என்று பாலிசி எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த நஷ்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் கம்பெனியுடையது. 9 லட்சத்தில் 6 லட்சம். அதிலும் பாலிசியில் சொன்ன கழிவுத் தொகை போகும். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். 30 லட்சத்துக்கு அது இருபத்தைந்தரை லட்சம். அந்த அளவுக்குப் போட்டிருந்தால் முழு 9 லட்சமும் கிடைத்திருக்கும். சீசனில் சரக்கு ஏறும்போது காப்பீட்டுத் தொகையை ஏற்றாமல் விட்டதுதான் வினை.

அவர் மகன் நன்றாகப் படித்தவர். "அந்த வாசகம் மட்டும் இருந்திருந்தா 5 லட்சமும் சேர்ந்து வந்திருக்கும்ல சார்?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஹாலில் எக்ஸ்போர்ட்டரின் துணி எரிந்ததும் எரியாததுமாக 8 லட்சம் இருந்தது. அதையும் பாலிசிக்குள் கொண்டுவந்தால் மொத்த மதிப்பு 38 லட்சம் ஆகிறது. நஷ்டம் 9-உம் 5-உம் சேர்ந்து 14 லட்சம். காப்பு மட்டும் அதே 20. பதினான்கை இருபதால் பெருக்கி முப்பத்தெட்டால் வகுத்தால் சுமார் 7 லட்சத்து 37 ஆயிரம். ஆக வாசகம் மட்டும் போதாது. வாசகத்தோடு தொகையும் ஏற வேண்டும்.

காப்பீட்டு நலனில் தேதி எப்படி விளையாடுகிறது என்பதற்குப் பழைய வண்டி விற்பனைதான் நல்ல பாடம். பைக்கை விற்றவர் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் ஆர்.சி.யை மாற்றுவார், இன்ஷூரன்ஸை மறந்துவிடுவார். பிறகு விபத்து. எதிராளிக்கான மூன்றாம் நபர் காப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி வண்டியோடு தானாகவே புதியவருக்குப் போய்விடும். சொந்த வண்டிச் சேதத்துக்கு அப்படி இல்லை என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். விற்றவரிடம் பாலிசி இருக்கிறது, வண்டி இல்லை. வாங்கியவரிடம் வண்டி இருக்கிறது, பாலிசி இல்லை. இருவருக்கும் எதுவும் கிடைக்காது. ஆர்.சி.யே மாறவில்லை என்றால் கதை வேறு. சட்டத்தின் கண்ணில் பதிவில் இருப்பவரே உரிமையாளர். 2020-இல் ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அடிப்படையில் விற்றவருக்குக் கிளைம் கொடுக்கச் சொன்னது. ஆகவே இந்த வகை ஃபைல் வந்தால் நான் முதலில் கேட்பது, விபத்து நடந்த அன்று ஆர்.சி. யார் பெயரில் இருந்தது என்பதைத்தான்.

ஆயுள் காப்பீட்டில் இந்தத் தேதி இடம் மாறிவிடும். அங்கே நலன் பாலிசி எடுத்த நாளில் இருந்தால் போதும். மனைவி கணவர் பெயரில் பாலிசி எடுத்து, பத்து வருடம் கழித்து விவாகரத்தாகி, அந்த மனைவி பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டிவந்தால் அந்தப் பாலிசி செத்துப்போவதில்லை. அதில் இழப்பீட்டுக் கணக்கும் இல்லை. உயிருக்கு அடக்க விலையும் சால்வேஜும் பார்க்க முடியாது, எழுதிய தொகை எழுதியபடி.

பனியன் கம்பெனிக்காரர் அடுத்த புதுப்பித்தலில் 45 லட்சத்துக்குப் பாலிசி போட்டார், பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு உட்பட என்ற வாசகத்தோடு. ஏஜென்ட் அனுப்பிய பாரத்தை மகன் வரிவரியாகப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் திருத்தி அனுப்பியிருந்தார்.