14ஆம் தேதி அழைப்புகள்

எங்கள் பில்லிங் மென்பொருளைப் பற்றி எழுதும்போது இனி வசதிப் பட்டியல் போடமாட்டேன். மாதம் 14ஆம் தேதி, வாங்கிய சரக்குக்கான வரி வரவைக் காட்டும் GSTR-2B பட்டியல் வந்ததும் கடைக்காரர்கள் பதறிப்போய் அழைக்கிறார்கள்: "சரக்கு வாங்கிய பில் கையில் இருக்கிறது, GSTR-2B-யில் காணவில்லையே!" இன்று அதைத்தான் எழுதினேன்.

மாதந்தோறும் தாக்கல் செய்பவரிடம் வாங்கியிருந்தால், தன் விற்பனைக் கணக்கான GSTR-1-ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாரா என்று முதலில் கேளுங்கள். தாமதித்திருந்தால் அந்த பில் அடுத்த மாதப் பட்டியலில்தான் வரும். உரிய நேரத்தில் செய்தும் காணவில்லையா? அவர் பதிந்த உங்கள் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, 15 இடங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வேறொருவர் எண்ணைப் பதிந்திருந்தால் பில் அவர் கணக்குக்குப் போய்விடும். விற்றவர்தான் அதைத் திருத்த வேண்டும்.

நான் எழுதியதில் எங்கள் மென்பொருளின் பெயர் ஒரே ஒருமுறை, விடுபட்ட பில்லைக் கண்டுபிடிக்கும் இடத்தில் வருகிறது.