தரவுத்தளத்தில் ஒரு வரி, மாடலில் 19 நாள்

வாடிக்கையாளர் ஒருவர் தன் உரையாடல்கள் முழுவதையும் நீக்கக் கேட்டு எழுதியிருந்தார். வீட்டு முகவரி, கைபேசி எண், மகனின் நோய் என எல்லாம் அவற்றில் இருந்தன. தரவுத்தளத்தில் வேலை ஒரே வரியில் முடிந்தது:

```
DELETE FROM messages WHERE user_id = 4172;
```

18 செய்திகள் போயின. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது: மூன்று மாதங்களுக்கு முன் அதே உரையாடல்களைக் கொண்டு எங்கள் AI மொழி மாடலுக்குப் பயிற்சி கொடுத்திருந்தோம். அவருடைய புகார் ஒன்றின் முதல் வரியைத் தட்டிப் பார்த்தேன். கதவு எண்ணும் தெருப் பெயரும் பிழையின்றி வந்து விழுந்தன. எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொரு புகாரிலும் அவர் முகவரியை எழுதியிருந்தார். திரும்பத் திரும்ப வருவதை மாடல் எளிதில் மனப்பாடம் செய்துவிடும்.

தரவுத்தளத்தில் இருப்பதுபோல அழிக்க மாடலுக்குள் வரிசை ஏதும் இல்லை. இருப்பவை 700 கோடி எண்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு செய்தித் தொகுப்பும் அவற்றைச் சற்றே நகர்த்துகிறது. அடுத்த தொகுப்பு, நகர்ந்த இடத்திலிருந்து மேலும் நகர்த்துகிறது. அவருக்குப் பின்னால் வந்தவர்களின் நகர்வுகளும் அவருடைய நகர்வின் மேல்தான் நிற்கின்றன. நடுவிலிருந்து ஒன்றை மட்டும் கழிக்க வழியில்லை.

முதலில் தலைகீழ்ப் பயிற்சி கொடுத்தோம். அந்த 18 செய்திகளைச் சொல்லச் சொல்லத் தண்டிப்பதுபோல எண்களை எதிர்த்திசையில் தள்ளுவது அது. முகவரி நின்றது, ஆனால் பிற வாடிக்கையாளர்கள் முகவரி பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கும் மாடல் உளறத் தொடங்கியது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. அவருடைய கைபேசி எண்ணோடு 999 கற்பனை எண்களைச் சேர்த்து, எதை மாடல் அதிகம் எதிர்பார்க்கிறது என்று வரிசைப்படுத்தினோம். அவருடைய எண் மூன்றாவதாக வந்தது. வாய் மூடியிருந்ததே தவிர, மாடல் மறக்கவில்லை.

எனவே எங்கள் பயிற்சிக்கு முன்பிருந்த அடிப்படை மாடலுக்கே திரும்பி, அவருடைய செய்திகள் இல்லாத தரவில் மீண்டும் பயிற்சி கொடுத்தோம். இரண்டு நாள் ஓடியது. நாங்கள் செய்தது மேற்பயிற்சி என்பதால்தான் இது முடிந்தது. அடிப்படை மாடலிலேயே அவர் கலந்திருந்தால் எங்களால் முடிந்திருக்காது. மறுசோதனையில் அவருடைய எண் 612ஆவது இடத்துக்குப் போனது. பார்த்தேயிராத எண் இப்படித்தான் எங்காவது விழும். பழைய மாடலின் பிரதிகளைத் தேடி அழிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. ஒன்று சோதனைக் கணினியில் கிடந்தது.

இப்போது தரவைப் பத்துப் பகுதிகளாக வரிசையில் கொடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மாடலைச் சேமித்து வைக்கிறோம். ஒருவருடைய செய்திகள் முழுவதும் ஒரே பகுதியில் இருக்கும். எட்டாம் பகுதியில் இருப்பவர் கேட்டால் அங்கிருந்து மட்டும் மீண்டும் ஓட்டலாம். முதல் பகுதியில் இருப்பவர் கேட்டால் முழுவதையும் ஓட்ட வேண்டும்.

அவருக்குப் பதில் 19ஆம் நாள்தான் போயிற்று. தாமதத்துக்கான காரணத்தையும், இடைப்பட்ட நாட்களில் பழைய மாடல் பயன்பாட்டில் இருந்ததையும் மறைக்காமல் எழுதினேன்.