பெர்லினில் நான், காரைக்குடியில் மகள்

பெர்லின் விமான நிலையத்தில் ரயில் நிலையம் முதல் முனையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. மகனுக்கு அன்று வேலை. நானே ரயிலேறி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்றதும் தைரியம் போய்விட்டது. காரைக்குடிக்கு வீடியோ அழைப்பு போட்டேன். எனக்குக் காலை 11 மணி, அங்கே பிற்பகல் இரண்டரை.

“அப்பச்சி, உங்கள் முகம்தான் தெரிகிறது. கேமராவைத் திருப்பித் திரையைக் காட்டுங்கள்” என்றாள் மகள். எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்திருந்தாள். அதே வீட்டிலிருந்து தொழிலுக்காகப் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர் என் ஐயா. அவர் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்ததை அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னாள். பிறகு மண்டலம். விமான நிலையம் C மண்டலத்தில் இருப்பதால் AB டிக்கெட் போதாது. ABC என்பதைத்தான் தொட வேண்டும். தொட்டேன். கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தினேன். மறுத்துவிட்டது.

“ஆத்தா, கணக்கில் பணம் இருக்கிறதே. இரண்டு வருடம் முன்பு சிங்கப்பூரில் இதே வங்கிக் கார்டு வேலை செய்ததே!”

“அது பழைய கார்டு. போன மாதம்தானே புதிது வந்தது?”

அவள் சொன்ன காரணம் இது. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி, புதிதாகவோ மாற்றாகவோ தரப்படும் கார்டு முதலில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். நிலையத்து வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தேன். வெளிநாட்டுப் பகுதியில் ஏடிஎம், கடை, இணையம் என்று மூன்று பொத்தான்கள். டிக்கெட் இயந்திரம் பார்க்க ஏடிஎம் போலத்தானே இருக்கிறது என்று ஏடிஎம் பொத்தானை மட்டும் திறந்தேன். மறுபடியும் மறுப்பு.

அவள் பதறவில்லை. “அப்பச்சி, ஏடிஎம் என்றால் பணம் எடுப்பது. இங்கே நீங்கள் பொருள் வாங்குகிறீர்கள். கடைப் பொத்தானைத் திறங்கள்.”

திறந்தேன். டிக்கெட் விழுந்தது. எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாள் அத்தனை நேரமும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். நன்றி சொல்லி விலகினேன்.

நடைமேடைக்கு வந்ததும் ரயில் நின்றிருந்தது. ஏறப் போனவனை மகள் தடுத்தாள். “டிக்கெட்டைக் காட்டுங்கள். தேதியும் நேரமும் குத்தியிருக்கிறதா?” இல்லை. முத்திரை குத்தாத டிக்கெட் அங்கே செல்லாது. பரிசோதகரிடம் சிக்கினால் 60 யூரோ அபராதம். போன வருடம் அண்ணனிடம் போயிருந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் அப்படிக் கட்டியதை அவள் நேரில் பார்த்திருக்கிறாள்.

அந்த ரயிலை விட்டுவிட்டேன். நடைமேடையில் இருந்த சிறிய பெட்டியில் டிக்கெட்டை நுழைத்தேன். டக்கென்று சத்தம் கேட்டது. கேமராவின் முன் பிடித்தேன்.

“நேரம் விழுந்திருக்கிறது. இனி ஏறுங்கள், அப்பச்சி” என்றாள்.