2500கே செயலியும் 42-ஆம் பெருக்கியும்: ஓவர்கிளாக்கிங் நாட்குறிப்பு

7 ஜூன் 2014, சனி

இன்டெல் கோர் ஐ5-2500கே செயலியின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை 33 என்ற பெருக்கியால் பெருக்க வருவது அது. செயலியை இதைவிட வேகமாக ஓட்டப் பெருக்கியை மட்டுமே உயர்த்தப் போகிறேன். இந்தத் தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா ஆகியவற்றின் கடிகாரங்களும் அடிப்படைக் கடிகாரத்தோடு பிணைந்திருப்பதால், அதைச் சற்றே ஏற்றினாலும் வன்தட்டில் எழுதப்படும் தரவு கெட வாய்ப்புண்டு.

எதையும் மாற்றுவதற்கு முன், செயலியை முழுச் சுமையில் கணக்குப் போடவைக்கும் Prime95 மென்பொருளின் Small FFTs சோதனையை ஓட்டினேன். அறை வெப்பநிலை 32 டிகிரி. நான்கு கோர்களில் அதிகம் சூடானது 61 டிகிரியைத் தொட்டது. இனி வரும் அளவுகளை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

8 ஜூன், ஞாயிறு

பயாஸில் பெருக்கியை 40 ஆக்கி, கோர் மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டில் நிறுத்தினேன். சோதனை தடையின்றி ஓடியது. அதே மின்னழுத்தத்தில் 42-க்குச் சென்றபோது, விண்டோஸ் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்க, ஒரு கோரின் சோதனை மட்டும் இந்த வரியோடு நின்றுவிட்டது:

```
FATAL ERROR: Rounding was 0.5, expected less than 0.4
```

கணினி உறையவில்லை, நீலத்திரையும் வரவில்லை. ஆனால் செயலி கணக்கைத் தவறாகப் போட்டிருக்கிறது. இணையம் பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மாதக்கணக்கில் கோப்புகளைச் சிறுகச் சிறுகக் கெடுக்கக்கூடிய பிழை இதுவே என்பதால், நீலத்திரையைவிட இதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

காரணம் CPU-Z திரையில் தெரிந்தது. பயாஸில் 1.20 என்று கொடுத்திருந்தாலும், முழுச் சுமையில் செயலிக்குக் கிடைத்தது 1.176 வோல்ட்தான். சுமை ஏறும்போது மின்னழுத்தம் இப்படிச் சரிவது வடிவமைப்பிலேயே உள்ளது. ஆகவே சுமையில் காணும் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். சிறு படிகளாக உயர்த்தி, பயாஸில் 1.245 வைத்தபோது பிழை நின்றது. வெப்பம் 70 டிகிரி.

14 ஜூன், சனி

44-ஐ முயன்றேன். அதற்கு 1.30 வோல்ட் தேவைப்பட்டது. வெப்பம் 81 டிகிரிக்கு ஏறியது. செயலி உறிஞ்சும் மின்திறன் வேகத்தின் நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருபடியிலும் கூடுவதாகத் தோராயமாகக் கொண்டால், 1.20 வோல்ட்டில் ஓடிய 4.0 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட, பத்து விழுக்காடு வேகத்துக்கு ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல் வெப்பத்தைத் தந்தாக வேண்டும். இச்செயலியின் உச்ச வரம்பு 98 டிகிரி என Core Temp காட்டுகிறது. ஆபத்து இல்லையென்றாலும் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்துகொள்வதால், இந்தப் பேரம் எனக்கு ஒத்துவரவில்லை. 42-க்கே திரும்பினேன்.

15 ஜூன், ஞாயிறு

நினைவகத்தையும் சேர்த்துச் சோதிக்கும் Prime95-இன் Blend சோதனை, இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. காலையில் விண்டோஸ் Event Viewer-இல், வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் WHEA-Logger பதிவுகளைத் தேடினேன். செயலி தானே திருத்திக்கொண்ட பிழைகள் 19 என்ற எண்ணுடன் அங்கே பதிவாகும்; அவை இருந்தால், சோதனை தேறினாலும் மின்னழுத்தம் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். ஒன்றும் இல்லை. அமைப்பை பயாஸ் புரொஃபைலாகச் சேமித்துவிட்டேன்.