'டூ தி நீட்ஃபுல்' எழுதி நான் கோட்டைவிட்ட கேள்வி

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங் தேர்வை முதல்முறை எழுதியபோது ரைட்டிங்கில் எனக்கு 6 வந்தது. வேண்டியிருந்தது 7. பத்து வருடமாக அலுவலகத்தில் ஆங்கில மெயில் எழுதுகிறவனுக்குக் கடிதம் எழுதுவதா கஷ்டம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

மதிப்பெண் தாளில் காரணம் எதுவும் இருக்காது. அதனால் வீட்டில் எழுதிப் பழகிய கடிதங்களைத் தெரிந்த ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். வாங்கிய வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது, நிறுவனத்துக்குப் புகார் எழுது என்பது கேள்வி. அதற்குக் கீழே மூன்று குறிப்புகள்: என்ன பழுது, இதுவரை என்ன செய்தீர்கள், நிறுவனம் என்ன செய்ய வேண்டும். 150 சொற்களாவது எழுத வேண்டும், அதற்கு 20 நிமிடம்.

என் கடிதம் இப்படி முடிந்திருந்தது: "ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி லுக் இன்டு தி மேட்டர் அண்ட் டூ தி நீட்ஃபுல் அட் தி இயர்லியஸ்ட்." அவர் அந்த வரியைச் சுட்டி, "மூன்றாவது குறிப்புக்குப் பதில் எங்கே?" என்றார். இதுதானே பதில் என்றேன். "அவர்கள் ஆள் அனுப்ப வேண்டுமா, மெஷினை மாற்றித் தர வேண்டுமா, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லையே!"

அப்போதுதான் உறைத்தது. பழைய வார்த்தையைப் போட்டுவிட்டோம், புதிய வார்த்தை ஒன்று தெரிந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். 'தேவையானதைச் செய்யுங்கள்' என்று எழுதும்போது தேவை என்ன என்பதையே விட்டுவிட்டேன். கேட்ட மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெளிவில்லை என்றால், கேள்விக்கு எந்த அளவு பதில் சொன்னோம் என்று பார்த்துத் தரும் மதிப்பெண்ணிலேயே அடி விழும். சொல்வளத்துக்கான மதிப்பெண் அப்புறம்தான்.

'டூ தி நீட்ஃபுல்' ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, தெற்காசிய அலுவலகங்களில் தங்கிவிட்டது. ஒரே அலுவலகத்துக்குள் அதைப் போட்டாலும் வேலை நடக்கும், ஏனென்றால் என்ன வேண்டும் என்று எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். தேர்வில் கடிதத்தைப் படிப்பவருக்கு அது தெரியாது.

திருத்தும்போது பேனாவை வைத்துவிட்டு முதலில் தமிழில் கேட்டுக்கொண்டேன்: யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும்? மெக்கானிக் இரண்டு முறை வந்து போன பிறகும் தண்ணீர் வடியவில்லை. ஆக, இன்னொரு ரிப்பேர் வேண்டாம், மாற்று மெஷின்தான் வேண்டும். வரி தானாக வந்தது: "குட் யூ ப்ளீஸ் ரீப்ளேஸ் தி மெஷின் பை நெக்ஸ்ட் ஃப்ரைடே? இஃப் தட் இஸ் நாட் பாசிபிள், ஐ வுட் லைக் எ ஃபுல் ரீஃபண்ட்." இதில் ஒரு கடினமான சொல்கூட இல்லை, ஆனால் படிப்பவர் எழுந்து வேலையைத் தொடங்கிவிடலாம்.

இதே கடிதத்தில் வேறு சிலவும் மாட்டின. "கைண்ட்லி" பணிவான சொல் என்றே நம்பியிருந்தேன். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு அது அறிவிப்புப் பலகையின் கண்டிப்பாகவோ எரிச்சலாகவோ கேட்கும். "குட் யூ ப்ளீஸ்" போதும். "ப்ளீஸ் ரிவர்ட்" என்பதைப் பதில் எழுதுங்கள் என்ற பொருளில் போட்டிருந்தேன். பொது ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, அதனால் "ப்ளீஸ் ரிப்ளை" ஆக்கினேன். பில்லை இணைத்துவிட்டு "அக்னாலட்ஜ் தி சேம்" என்று எழுதியதில் 'தி சேம்' போய், "கன்ஃபர்ம் தட் யூ ஹாவ் ரிசீவ்ட் தி பில்" வந்தது.

பழசெல்லாம் தப்பு என்று ஒரேயடியாகக் களையெடுக்கவும் வேண்டாம். "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" இன்றும் உயிரோடு இருக்கிறது, நான் விடவில்லை. "டியர் சார் ஆர் மேடம்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடிப்பதும் அப்படித்தான்.

நான் செய்த அடுத்த தப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இயல்பாக எழுதுகிறேன் பேர்வழி என்று அடுத்த பயிற்சிக் கடிதத்தை "ஹாய்" என்று தொடங்கி, "ஃபிக்ஸ் இட் ஏஎஸ்ஏபி" என்று முடித்தேன். முகம் தெரியாத நிறுவனத்துக்கு அது பொருந்தாது. தொனி முன்னுக்குப்பின் மாறினால் 7-ஐத் தொடுவது கஷ்டம். நண்பருக்கு எழுதும் கடிதம் கேள்வியாக வந்தால் "ஹாய்" சரி, அங்கே "ஐ ரிக்வெஸ்ட் யூ" போட்டால்தான் சிரிப்பார்கள்.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது கடைசி 2 நிமிடத்தைக் கடிதத்தின் கடைசிப் பத்திக்கென்றே ஒதுக்கினேன். அந்தப் பத்தியை மட்டும் வெட்டி வேறொரு புகார்க் கடிதத்தில் ஒட்டினாலும் பொருந்துமா என்று பார்த்தேன். ஒரு வரி பொருந்தியது, அதை அடித்துவிட்டுப் பொருளின் பெயரையும் தேதியையும் எழுதினேன். ரைட்டிங்கில் 7 வந்தது.