ஒரே சான்றிதழில் ஐந்து பெயர்: ப்ராஜெக்ட் வைவாவில் நான் மாட்டிக்கொண்ட கதை

எம்.எஸ்சி. சைபர் தடயவியல் கடைசி செமஸ்டரில் சந்தேகத்துக்குரிய ஒரு சைட்டை எடுத்து, அதன் பழைய கதையையும் அதோடு தொடர்புள்ள சைட்டுகளையும் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். எனக்கு சைட் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்யும் மாமா, 30-ஆம் நம்பர் நூலுக்கு ஒரு சைட்டில் அட்வான்ஸ் கட்டிவிட்டுக் காத்திருந்தார். "2018-ல இருந்து நடத்தறோம்னு போட்ருக்கறானுங்களே மாப்ள" என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தைரியம். கீழே வரும் பெயர்களை எல்லாம் மாற்றி, .example போட்டிருக்கிறேன்.

முதலில் சைட்டைத் திறக்காதீர்கள். பொதுவில் நம்பப்படும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் வெளிப்படைப் பதிவேடுகளில் ஏறிவிடும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கியவை அதில் இல்லையென்றால் குரோம் ஏற்காது. அந்தப் பதிவை crt.sh என்ற தளத்தில் தேடினால் சைட் நடத்துபவனுக்குத் தெரியாது.

```
https://crt.sh/?q=%25.noolkadai.example
```

2018 மே முதல் 2020 நவம்பர் வரை 32 வரி வந்தது. 32 சான்றிதழ் என்று எழுதிவிடாதீர்கள். பதிவேட்டில் ஏற்றுவதற்காக முதலில் உருவாக்கும் முன்சான்றிதழ் ஒன்று, இறுதிச் சான்றிதழ் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். இரண்டிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருந்தால் அது ஒரே சான்றிதழ், ஆக 16. ஆயுள் 90 நாள் என்பதால் அறுபது நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. மறுபடி 2024 மார்ச்சில், வேறு வழங்குநரிடமிருந்து ஒன்று.

எனக்குப் பொறி தட்டியது அந்த இடைவெளியில்தான். டொமைன் பதிவு விவரங்களைத் தரும் ஆர்டிஏபி சேவையில் பதிவுத் தேதி பார்த்தால் 2024 பிப்ரவரி 27. பழைய ஆள் புதுப்பிக்காமல் விட்ட பெயரை இன்னொருவர் வாங்கியிருக்கிறார். 2018 என்பது பெயரின் வயசு, கடையின் வயசு அல்ல. இடைவெளி மட்டும் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. சைட் சும்மா கிடந்திருக்கலாம். பதிவுத் தேதியும் சேர்ந்ததால்தான் சொல்ல முடிந்தது.

அப்புறம் அந்த 2024 சான்றிதழைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன்.

```
noolkadai.example
www.noolkadai.example
mail.noolkadai.example
noolkadai.padamweb.example
www.noolkadai.padamweb.example
```

நாலாவது வரியைப் பாருங்கள். சிபேனல் ஹோஸ்டிங்கில் ஒரே கணக்கில் இன்னொரு டொமைன் சேர்த்தால், முதன்மை டொமைனுக்குக் கீழே ஒரு துணைப் பெயரும் வழக்கமாக உருவாகும். தானியங்கிச் சான்றிதழ் அதையும் பட்டியலில் போட்டுவிடும். இப்படி முதன்மைப் பெயர் வெளியே வந்துவிட்டது. `%.padamweb.example` என்று தேடியதும் இன்னும் மூன்று கிடைத்தன: மஞ்சள், தேங்காய் எண்ணெய், அரிசி மண்டி.

குஷியில் "ஒரே ஆளின் நான்கு மோசடி சைட்டுகள்" என்று எழுதிவிட்டேன். அது போதாதென்று, அந்த ஐபி முகவரியில் இருந்த நாற்பது பெயர்களையும் இணைப்பில் சேர்த்தேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, அந்த அரிசி மண்டிக்காரரும் திருடரா?"

பதில் இல்லை. அந்த மண்டியின் டொமைன் 2016-இல் பதிவானது. இடைவெளியே இல்லாமல் சான்றிதழ் வந்துகொண்டிருந்தது. padamweb என்பது சைட் டிசைன் செய்து தரும் ஒரு சின்னக் கடை. வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். என்னிடம் இருந்த சான்று "ஒரே ஹோஸ்டிங் கணக்கு" என்பதோடு முடிந்துவிட்டது. "ஒரே முதலாளி" என்பது நானாகச் சேர்த்தது.

திருத்தி எழுதியபோது, ஒவ்வொரு தொடர்புக்கும் சான்றிதழுக்கு வெளியே இன்னொரு ஆதாரம் தேடினேன். மஞ்சள் சைட் நூல் சைட்டுக்கு ஆறு நாள் கழித்துப் பதிவாகியிருந்தது, தொடர்பு எண்ணும் அதேதான், சேர்த்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய்க்கு எதுவும் கிடைக்கவில்லை, "கணக்கு மட்டும் ஒன்று" என்று நிறுத்திக்கொண்டேன். ஐபி பட்டியலை மொத்தமாகத் தூக்கிவிட்டேன். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான சைட்டுகள் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

ஐபி கிளவுட்ஃபிளேருடையது என்று வந்தால் உண்மையான ஹோஸ்ட் அதன் பின்னால் மறைந்திருக்கிறது, அதை வைத்து எதையும் இணைக்காதீர்கள். `cloudflaressl.com` என்று முதன்மைப் பெயர் வரும் பழைய சான்றிதழ்கள் பலவும் அப்படித்தான். சம்பந்தமே இல்லாத பல வாடிக்கையாளர்களை ஒரே சான்றிதழில் அடுக்கியிருப்பார்கள்.

மாமா சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தார். திருத்திய ரிப்போர்ட்டைத்தான் கூடக் கொடுத்தோம், மண்டிக்காரர் பெயர் இல்லாமல்.