கத்திரி வெயிலில் நீச்சல் தொட்டி: ஒரு சொட்டுக்கு எவ்வளவு ஆசிட்?

இந்தக் கத்திரி முழுக்க எங்கள் தொட்டியில் பி.எச். 7.6ஐத் தாண்டவில்லை. வேலூர்ப் பக்கத்தில் போர்த் தண்ணீர் விட்டுத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

காட்பாடியைத் தாண்டி மாந்தோப்புக்குள் இருக்கும் தொட்டி இது. 16 அடிக்கு 10 அடி, சராசரி ஆழம் நாலரை அடி, கிட்டத்தட்ட 20,000 லிட்டர். சின்னத் தொட்டிதான், ஆனால் போன கோடை வரை ஆசிட் ஊற்றி 7.4க்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று நாளில் மறுபடி 8.2க்குப் போய்விடும். டைல்ஸ் ஓரம் வெள்ளைக் கோடு படியும், தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கும். பம்ப் பார்க்க வந்தவர், "குளோரின் பத்தல சார், இன்னும் ரெண்டு கிலோ பவுடர் போடுங்க" என்றார். ப்ளீச்சிங் பவுடரில் பாதிக்கு மேல் சுண்ணாம்புச் சங்கதி. ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீரில் அதையே மேலும் கொட்டினால் மங்கல் கூடத்தான் செய்யும்.

பி.எச். ஏறுவதற்குக் காரணம் காரத்தன்மை, அதாவது நம் போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். அது நிறைய இருந்தால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடும் காற்றுக்கு ஒப்பாக இருக்க வேண்டியதைவிட அதிகமாகத் தங்கும். மூடி திறந்த சோடா பாட்டில் போல அது வெளியேறிக்கொண்டே இருக்கும், போகப் போக பி.எச். ஏறும். வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் வேகம். அதனால் பி.எச்.சை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் ஆசிட் கேன்தான் காலியாகும். காரத்தன்மையையே இறக்க வேண்டும்.

அதை அளக்க நான் பயன்படுத்துவது மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கே.எச். சொட்டு மருந்து. நீச்சல் குளப் பட்டைகளை விட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் நீலம் வரும், பிறகு ஒரே சொட்டில் சட்டென்று மஞ்சளாகும். மஞ்சளாக எத்தனை சொட்டு ஆனதோ அதுதான் கணக்கு. ஒரு சொட்டு என்றால் ஏறத்தாழ 18 பி.பி.எம். எங்கள் போர்த் தண்ணீர் 20 சொட்டு, தொட்டித் தண்ணீர் 18 சொட்டு. இருக்க வேண்டியது நாலோ ஐந்தோ.

இனி ஆசிட் கணக்கு. 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்றால், 20,000 லிட்டரில் ஒரு சொட்டு இறங்க சுமார் 700 மில்லி. 18லிருந்து 5க்கு வர 13 சொட்டு, ஆக ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல். இதை ஒரே மூச்சில் ஊற்றவே கூடாது. பி.எச். தரைமட்டத்துக்குப் போய் டைல்ஸ் இடுக்கு சிமெண்டையும் பம்பின் உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

நான் செய்த முறை இது. பம்பை ஓடவிட்டு, பக்கெட்டில் முதலில் தண்ணீர், அதற்குள் ஆசிட், பம்பிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் நாசிலுக்கு முன்னால் மெதுவாக ஊற்றினேன். முதல் தடவை ஒன்றரை லிட்டர். பி.எச். 8.2லிருந்து 7.2க்கு வந்தது, காரத்தன்மை இரண்டு சொட்டு குறைந்தது. அதன் பிறகுதான் முக்கியமான படி. நாசிலை மேல் நோக்கித் திருப்பி, தண்ணீர் கொப்பளித்து விழும்படி பம்பை ஓடவிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். தானாக மேலே வரும், ஆனால் இறங்கிய காரத்தன்மை இறங்கியபடியே இருக்கும். பி.எச். 7.8ஐத் தொட்டதும் அடுத்த ஆசிட். போகப் போக ஒவ்வொரு தடவைக்கும் ஆசிட் குறைவாகவே பிடிக்கும். பத்து சொட்டு அளவில் 700, 800 மில்லியே பி.எச்.சை 7.2க்குக் கொண்டுவந்துவிடும், அப்போதும் பழைய ஒன்றரை லிட்டரையே ஊற்றக்கூடாது. ஐந்து சொட்டுக்கு வந்த பின் நாசிலைக் கீழே திருப்பிவிட்டேன். பி.எச். 7.5க்கும் 7.6க்கும் நடுவில் நின்றது.

நின்றது என்றால் முழுக்க நின்றதில்லை. கத்திரியில் நாளுக்குக் கால் அங்குலம் தண்ணீர் ஆவியாகிறது. இந்தப் பரப்புக்கு அது தினம் 95 லிட்டர், மாதம் 2,800 லிட்டர். ஆவி போகும்போது உப்பையும் காரத்தையும் விட்டுவிட்டுத்தான் போகிறது. ஈடுகட்ட விடும் போர்த் தண்ணீர் மாதத்துக்கு மூன்று சொட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காரத்தைச் சேர்க்கும். அதாவது மாதம் இரண்டு லிட்டர் ஆசிட் செலவு நிரந்தரம். வாரம் அரை லிட்டராகப் பிரித்துவிட்டேன்.

ஆசிட் வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. பாத்ரூம் கழுவ விற்கும் பாட்டிலை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ராணிப்பேட்டைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேனாக, சதவீதம் எழுதிக் கிடைக்கும். மூடி திறந்தால் வெள்ளைப் புகை வர வேண்டும். அழுத்தமான மஞ்சளாக இருந்தால் இரும்பு கலந்திருக்கலாம், தொட்டியில் கறை விழும், வேண்டாம்.

குளோரினுக்கு வருவோம். பி.எச். 7.5ல் குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கிறது, 8.2ல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே பி.எச். நின்றதுமே அதே அளவு குளோரினில் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனாலும் வெறும் குளோரின் நம் வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்காது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் ஆசிட் 600 கிராமைப் பழைய சாக்ஸில் கட்டி நாசில் முன்னால் தொங்கவிட்டேன், 30 பி.பி.எம். கணக்கு. கரைய நேரம் எடுக்கும், அவ்வப்போது பிசைந்துவிட வேண்டும். இப்போது பொழுது சாய்ந்ததும் 10 சதவீத சோடியம் ஹைப்போ, அதாவது திரவக் குளோரின், 600 மில்லி ஊற்றுகிறேன். அது 3 பி.பி.எம். ஏற்றும், மறுநாள் மாலை பார்த்தாலும் ஒன்றுக்குக் குறையவில்லை. ஹைப்போ நம் ஊர்ச் சூட்டில் வீரியம் இழக்கும், பெரிய கேன் வாங்கி வைப்பது வீண். முக்கியமாக, ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே அறையில் வேண்டாம். இரண்டும் கலந்தால் வருவது விஷ வாயு.

பி.எச். சோதனையை ஹைப்போ ஊற்றும் முன் செய்யுங்கள். குளோரின் கூடுதலாக இருக்கும்போது பி.எச். பார்க்கும் பீனால் ரெட் சொட்டு மருந்து ஊதாவாகி, இல்லாத பி.எச்.சைக் காட்டும்.

சுண்ணாம்பு அளவு மட்டும் இன்னும் கையில் சிக்கவில்லை. அதை ஆசிட் இறக்காது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். மழைநீரில் காரமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதனால் ஐப்பசிக்குள் மொட்டை மாடிக் குழாயை ஒரு சிண்டெக்ஸ் டேங்க் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவரப் போகிறேன், முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வைத்து. அதோடு மேலே பச்சை நிழல்வலை கட்டினால் ஆவியும் குறையும், குளோரினும் மிச்சம். கம்பம் நடாமல் தோப்பு மரங்களிலேயே இழுத்துக் கட்டியவர்கள் இருந்தால், ஆடிக் காற்றுக்கு எப்படித் தாங்கியது என்று சொல்லுங்கள்.